மீட்டர் படத்தில் பாதி திரும்பிய சக்கரம்: எந்த எண்ணை எழுதுவது?

தண்ணீர் மீட்டரின் படம் ஒன்று கையில் இருக்கிறது. ஐந்து கருப்பு எண்கள், அதையொட்டி மூன்று சிவப்பு எண்கள். முதல் ஏழு எண்களும் நேராக நிற்கின்றன. எட்டாவது கட்டத்தில் மட்டும் மேலே 6-இன் கீழ்ப்பாதியும் கீழே 7-இன் மேல்பாதியும் தெரிகின்றன. 6 என்று எழுதுவதா, 7 என்று எழுதுவதா?

இதற்குத் தெளிவான விடை இருக்கிறது: 6. ஆனால் அந்த விடையை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால், 9-க்கும் 0-க்கும் நடுவில் சக்கரம் நிற்கும் படம் வரும்போது மாட்டிக்கொள்வோம். அப்போது வரும் பிழை ஒரு லிட்டர் அல்ல, ஆயிரம் லிட்டர் வரை போகலாம். அதனால் சக்கரம் எப்படித் திரும்புகிறது என்பதிலிருந்து தொடங்கி, படத்தைப் பார்த்து எண்களையும் அலகையும் எழுதி முடிப்பது வரை வரிசையாகப் பார்ப்போம். எண் சக்கரம் உள்ள தண்ணீர் மீட்டர், மின்சார மீட்டர் இரண்டுக்கும் இதே முறைதான். திரையில் எண் காட்டும் டிஜிட்டல் மீட்டரில் பாதி திரும்பிய எண் என்ற பிரச்சினையே இல்லை என்பதால், அதைப் பற்றி அலகு எழுதும் இடத்தில் மட்டும் சொல்கிறேன்.

## முதலில், சக்கரங்கள் எப்படித் திரும்புகின்றன

ஒவ்வொரு சக்கரத்தின் ஓரத்திலும் 0 முதல் 9 வரை பத்து எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். இவற்றில் வலது கோடியில் இருக்கும் கடைசிச் சக்கரம் மட்டும்தான் மீட்டரின் இயக்கத்தோடு நேரடியாக இணைந்தது. தண்ணீர் ஓடும்வரை, அல்லது மின்சாரம் செலவாகும்வரை, அது நிற்காமல் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே அது இரண்டு எண்களுக்கு நடுவில் நிற்பது பழுது அல்ல. அதுதான் அதன் இயல்பு.

மற்ற சக்கரங்கள் அப்படி அல்ல. வலப்பக்கத்துச் சக்கரம் 9-லிருந்து 0-க்குப் போகும் அந்தச் சிறிய தூரத்தில் மட்டும், இடையில் இருக்கும் பல்சக்கரம் இடப்பக்கத்துச் சக்கரத்தைப் பிடித்து ஓர் எண் முன்னே தள்ளும். மீதி நேரமெல்லாம் இடப்பக்கத்துச் சக்கரம் அசையாமல் நிற்கும். பழைய வண்டிகளின் ஸ்பீடோமீட்டரில் கிலோமீட்டர் எண்கள் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

இந்த ஒரு விஷயத்திலிருந்தே மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. கடைசிச் சக்கரம் எந்த நேரத்திலும் பாதியில் நிற்கலாம். வேறு எந்தச் சக்கரமும், தனக்கு வலப்பக்கம் இருப்பது 9-க்கும் 0-க்கும் நடுவில் இருந்தால் மட்டுமே பாதியில் நிற்க முடியும். அப்படி நிற்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு திரும்பியிருக்கும், ஏனென்றால் ஒன்று பத்தில் ஒரு பங்கு சுற்றும்போது மற்றதும் அதே அளவுதான் சுற்றுகிறது.

## படத்தில் எது ரீடிங், எது இல்லை

மீட்டர் முகப்பில் எண்கள் நிறைய இருக்கும். அச்சிட்ட நீளமான எண் பெரும்பாலும் வரிசை எண், அதாவது அந்த மீட்டரின் அடையாள எண். அது தட்டிலேயே அச்சாகியிருக்கும், அல்லது உலோகத்தில் பொறித்திருக்கும். ரீடிங்கோ தட்டில் வெட்டிய கட்டங்களுக்குள், சற்று உள்ளே தள்ளித் தெரியும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கட்டத்தின் ஓரத்தில் நிழல் தெரியும். அந்த நிழல்தான் உள்ளே சக்கரம் இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

அலகைத் தேடும்போதும் கவனம் வேண்டும். மின்சார மீட்டரில் `kWh` என்ற எழுத்துகள் இரண்டு இடங்களில் வரலாம். ஒன்று எண் கட்டங்களுக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும். அதுதான் ரீடிங்கின் அலகு, கிலோவாட் மணி. இன்னொன்று `rev/kWh` அல்லது `imp/kWh` என்று ஓர் எண்ணோடு வரும். ஒரு கிலோவாட் மணிக்கு உள்ளே இருக்கும் தட்டு எத்தனை முறை சுற்றும், அல்லது விளக்கு எத்தனை முறை மின்னும் என்பதைச் சொல்வது அது. அந்த எண்ணுக்கும் ரீடிங்குக்கும் சம்பந்தம் இல்லை.

தண்ணீர் மீட்டரிலும் இதே மாதிரி ஒரு பொறி உண்டு. `m³` என்பது கன மீட்டர், ரீடிங்கின் அலகு. `m³/h` என்று இருந்தால் அது மணிக்கு எத்தனை கன மீட்டர் ஓட்டத்துக்காக மீட்டர் வடிவமைக்கப்பட்டது என்ற குறிப்பு. சாய்வுக்கோடும் `h`-உம் இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

## புள்ளி எங்கே

பெரும்பாலான தண்ணீர் மீட்டர்களில் கருப்புச் சக்கரங்கள் முழுக் கன மீட்டர்களையும், சிவப்புச் சக்கரங்கள் அதன் பின்னங்களையும் காட்டும். முதல் சிவப்பு எண் பத்தில் ஒன்று, அதாவது 100 லிட்டர். இரண்டாவது 10 லிட்டர், மூன்றாவது 1 லிட்டர். எனவே கருப்பில் 00427, சிவப்பில் 863 என்றால் 427.863 m³. அதாவது 427 கன மீட்டரும் 863 லிட்டரும்.

சக்கரமுள்ள மின்சார மீட்டரில் பல நேரம் ஐந்து கருப்பு எண்களும், ஓரத்தில் வேறு நிறத்திலோ சிவப்புச் சட்டத்துக்குள்ளோ ஓர் எண்ணும் இருக்கும். அந்தக் கடைசி எண் பத்தில் ஒரு பங்கு கிலோவாட் மணி. நிற வேறுபாடே இல்லாமல் எல்லாச் சக்கரமும் ஒன்றுபோல இருந்தால், கட்டங்களுக்கு நடுவில் புள்ளியோ காற்புள்ளியோ அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் எல்லாமே முழு எண்கள்தான்.

ஒரு எச்சரிக்கை. கறுப்பு வெள்ளைப் படத்திலும், மஞ்சள் விளக்கில் எடுத்த படத்திலும் சிவப்பு, கருப்பாகத் தோன்றும். நிறம் தெளிவில்லை என்றால் புள்ளியை ஊகித்து வைக்காதீர்கள். அந்த ஒரு புள்ளி இடம் மாறினால் ரீடிங் பத்து மடங்கோ ஆயிரம் மடங்கோ ஆகிவிடும். இலக்கங்களை மட்டும் எழுதிவிட்டு, புள்ளியின் இடம் தெரியவில்லை என்று குறித்துவிடுவதே சரி.

## நேராக நிற்கும் சக்கரங்களை அளவுகோலாக வையுங்கள்

பாதி திரும்பியிருக்கிறதா இல்லையா என்பதைக் கட்டத்தின் நடுவை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. படத்தில் அது ஏமாற்றும். எண் சக்கரம் தட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு நிற்கிறது. கேமராவை மேலிருந்து சாய்த்துப் பிடித்தால் எல்லா எண்களும் கட்டத்துக்குள் மேலே ஏறித் தெரியும். கீழிருந்து பிடித்தால் இறங்கித் தெரியும். உண்மையில் எதுவும் நகர்ந்திருக்காது.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. எல்லா எண்களும் ஒரே அளவு ஏறியோ இறங்கியோ இருந்தால் அது கேமராவின் சாய்வு. கடைசி எண் மட்டும் மற்றவற்றிலிருந்து விலகியிருந்தால் அதுதான் சக்கரத்தின் திருப்பம். ஆகவே முதலில், இடப்பக்கம் இருக்கும் மூன்று நான்கு எண்களின் அடிப்பகுதியைத் தொட்டு ஒரு கோட்டை மனதில் இழுங்கள். படம் கோணலாக இருந்தால் கோடும் கோணலாகத்தான் வரும், பரவாயில்லை. அந்தக் கோட்டைக் கடைசிக் கட்டம்வரை நீட்டுங்கள். கடைசி எண்ணின் அடி அந்தக் கோட்டில் உட்கார்ந்தால் அது நேராக நிற்கிறது, இல்லையென்றால் திரும்பிக்கொண்டிருக்கிறது. திரையில் ஒரு காகிதத்தின் விளிம்பை வைத்துப் பார்த்தால் இன்னும் சுலபம்.

இன்னொன்றும் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும். கடைசி எண் 3 என்று தெளிவாக நிற்கும்போது, நடுவில் ஒரு சக்கரம் மட்டும் லேசாகச் சாய்ந்திருக்கலாம். முன்னே சொன்னபடி, வலப்பக்கத்துச் சக்கரம் 9-க்கும் 0-க்கும் நடுவில் இல்லையென்றால் அது மாறிக்கொண்டிருக்க முடியாது. பல்சக்கரங்களுக்கு இடையே உள்ள தளர்வால் வந்த ஆட்டம் அது. அங்கே மிக அருகில் இருக்கும் எண்ணையே எழுத வேண்டும். ஆக, கடைசிச் சக்கரத்துக்கு ஒரு விதி, மற்றவற்றுக்கு வேறு விதி. இதைக் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

## கடைசிச் சக்கரம் இரண்டு எண்களுக்கு நடுவில்

விதி இதுதான்: இரண்டு எண்களில் சிறியதை எழுதுங்கள். 6-க்கும் 7-க்கும் நடுவில் என்றால் 6. 7 முக்கால்வாசி தெரிந்தாலும் 6-தான். 7 அந்தக் கோட்டில் வந்து உட்கார்ந்த பிறகுதான் 7.

கிட்டத்தட்ட 7 ஆகிவிட்டதே, 7 என்றே எழுதினால் என்ன என்று கேட்கலாம். கடைசி இலக்கத்தில் மட்டும் பார்த்தால் வித்தியாசம் சிறியதுதான். ஆனால் சக்கரம் காட்டுவது முடிந்துபோன அளவை. ஏழாவது லிட்டர் இன்னும் முழுதாக ஓடி முடியவில்லை. விட்டுப்போன பகுதி எங்கேயும் தொலைந்துபோவதில்லை, அடுத்த ரீடிங்கில் தானாகச் சேர்ந்துவிடும். அதைவிட முக்கியமாக, ஒருவர் மேலே முழுமையாக்கி, இன்னொருவர் கீழே விட்டு எழுதினால், ஒரே படத்துக்கு இரண்டு விடை வரும். எப்போதும் சிறியதை எடுப்பது என்று வைத்துக்கொண்டால் யார் எழுதினாலும் ஒரே விடைதான்.

சக்கரம் மேல்நோக்கிச் சுற்றுகிறதா கீழ்நோக்கியா என்று தெரிய வேண்டியதில்லை. சில மீட்டர்களில் அடுத்த எண் கீழிருந்து எழும்பி வரும், சிலவற்றில் மேலிருந்து இறங்கும். எப்படியானாலும் விதி மாறாது. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பார்க்காமல், சிறியது எது என்று மட்டும் பாருங்கள். இதற்கு ஒரே விதிவிலக்கு 9-உம் 0-உம் சேர்ந்து தெரியும் இடம். அங்கே 0 என்பது உண்மையில் பத்து. ஆகவே எழுத வேண்டியது 9.

அரை எண்களை அடையாளம் காண்பதில் ஒரு சிக்கல் வரும். 3-இன் கீழ்ப்பாதியும் 5-இன் கீழ்ப்பாதியும் ஒன்றுபோல இருக்கும். 6, 8 இரண்டின் கீழ்ப்பாதியும் அப்படியே. 8-இன் மேல்பாதியையும் 9-இன் மேல்பாதியையும் மங்கலான படத்தில் பிரிப்பது கஷ்டம். இங்கே தனியாக ஒரு பாதியை உற்றுப் பார்த்துப் பயனில்லை. ஜோடியாகப் பாருங்கள். ஒரு கட்டத்தில் அடுத்தடுத்த எண்கள் மட்டுமே சேர்ந்து தெரிய முடியும். மேலே இருப்பது 3-ஆ 5-ஆ என்று சந்தேகம் வந்தால் கீழே பாருங்கள். அடுத்த எண் கீழிருந்து எழும்பி வரும் மீட்டரில், அங்கே 4-இன் கூரான தலை தெரிந்தால் மேலே இருப்பது 3. 6-இன் வளைந்த தலை தெரிந்தால் மேலே இருப்பது 5. தெளிவாகத் தெரியும் பாதி, தெளிவில்லாத பாதியைச் சொல்லிக்கொடுத்துவிடும்.

## 9-க்கும் 0-க்கும் நடுவில்: பெரிய பிழை பிறக்கும் இடம்

இனி ஒரு படத்தை முழுதாக எடுத்துக்கொள்வோம். ஐந்து கருப்பு, மூன்று சிவப்புச் சக்கரங்கள் உள்ள தண்ணீர் மீட்டர். இடமிருந்து வலமாகத் தெரிவது இது:

```
கருப்பு:   0   0   4   2   7|8
சிவப்பு:   9|0   9|0   9|0
```

செங்குத்துக் கோடு இருக்கும் இடங்களில் இரண்டு எண்களும் பாதிப் பாதியாகத் தெரிகின்றன. நான்கு சக்கரங்கள் ஒரே நேரத்தில் திரும்பிக்கொண்டிருக்கின்றன. பார்த்தவுடன் மீட்டர் கெட்டுப்போயிருக்கிறதோ என்று தோன்றும். ஆனால் இது நடந்தே ஆக வேண்டியது. கடைசிச் சக்கரம் 9-லிருந்து 0-க்குப் போகும்போது தன் இடப்பக்கத்தை இழுக்கிறது. அதுவும் 9-இல் இருந்ததால் அதுவும் 0-க்குப் போகிறது, போகும்போது தன் இடப்பக்கத்தை இழுக்கிறது. அப்படியே கருப்புச் சக்கரம்வரை சங்கிலியாகப் போய்விட்டது. 427 கன மீட்டர் முடிந்து 428-ஐத் தொடப்போகும் தருணத்தில் எடுத்த படம் இது.

வேலையை வலமிருந்து தொடங்க வேண்டும். கடைசிச் சக்கரம் 9-க்கும் 0-க்கும் நடுவில், இன்னும் 0 வந்து உட்காரவில்லை, ஆகவே 9. கடைசிச் சக்கரம் இன்னும் 9 என்றால் அதன் இடப்பக்கமும் பழைய எண்ணிலேயே இருக்கிறது: 9. அதனால் அடுத்ததும் 9. அதனால் கருப்புச் சக்கரமும் பழைய எண்: 7. விடை 00427.999, அதாவது 427.999 m³.

தவறு எப்படி வருகிறது என்றால், ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகப் பார்த்து, எது அதிகம் தெரிகிறதோ அதை எழுதும்போதுதான். கருப்பில் 8 கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால் 8 என்று எழுதிவிட்டு, சிவப்பில் 999 என்று எழுதினால் 428.999 ஆகிவிடும். உண்மையைவிட ஒரு கன மீட்டர், அதாவது 1000 லிட்டர் கூடுதல். மாறாக, கருப்பில் 7 எழுதி சிவப்பில் 000 எழுதினால் 427.000, கிட்டத்தட்ட 1000 லிட்டர் குறைவு. சிவப்பிலேயே ஒன்றை 9, இன்னொன்றை 0 என்று கலந்தால் சில லிட்டரிலிருந்து பல நூறு லிட்டர்வரை தவறும்.

கவனித்தால், 427.999 என்று எழுதினாலும் 428.000 என்று எழுதினாலும் வித்தியாசம் ஒரே ஒரு லிட்டர்தான். இரண்டும் ஏற்கக்கூடியவை, முதலாவது முறையானது. எல்லாமே பழைய எண், அல்லது எல்லாமே புதிய எண். இரண்டையும் கலப்பதுதான் கூடாது. இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதையே வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

மின்சார மீட்டரிலும் இதே கதைதான். கருப்பில் 0, 8, 1, 2|3, 9|0, கடைசியில் பத்தில் ஒரு பங்குச் சக்கரம் 9|0 என்று தெரிந்தால் விடை 08129.9, அதாவது 8129.9 kWh. இதை 8139.9 என்று எழுதினால் பத்து கிலோவாட் மணி கூடிவிடும்.

முந்தைய ரீடிங்கோடு ஒப்பிட்டால் இந்தத் தவறு பிடிபடாதா? பெரும்பாலும் பிடிபடாது. முந்தைய ரீடிங் 411.204 என்று வைத்துக்கொள்வோம். சரியான விடையின்படி செலவு 16.795 m³; தவறான விடையின்படி 17.795 m³. இரண்டும் நம்பக்கூடிய அளவுகளே. அடுத்த படம் சீக்கிரமே வந்தால்தான் வெளிப்படும். மறுநாள் மீட்டர் 428.310 என்று காட்டினால், ஏற்கெனவே எழுதிய 428.999-ஐவிட அது குறைவு. இரண்டு ரீடிங்குக்கு நடுவில் அளவு குறைந்திருந்தால், மீட்டர் பின்னோக்கிச் சுற்றியது என்று முடிவு கட்டுவதற்கு முன், பழைய படத்தை எடுத்து அதில் 9|0 இருந்ததா என்று பாருங்கள்.

## முள் இருந்தால் அதையே சாட்சியாக வையுங்கள்

தண்ணீர் மீட்டரில் எண் சக்கரங்களுக்குக் கீழே ஒன்றோ அதற்கு மேலோ சிறிய வட்டங்களும், அவற்றில் சுற்றும் முள்களும் இருக்கும். வட்டத்துக்குப் பக்கத்தில் `x0.1`, `x0.01`, `x0.001`, `x0.0001` என்று அச்சிட்டிருக்கும். முள் காட்டும் எண்ணை அதனால் பெருக்கினால் கன மீட்டரில் கிடைக்கும்.

பலர் இவற்றைத் தேவையில்லை என்று வெட்டிவிட்டு எண்களை மட்டும் படம் எடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடைசிச் சக்கரத்துக்கு அடுத்த இலக்கத்தைக் காட்டும் முள், அந்தச் சக்கரம் எவ்வளவு தூரம் திரும்பியிருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது. மேலே பார்த்த மீட்டரில் கடைசிச் சிவப்புச் சக்கரம் லிட்டரைக் காட்டுகிறது. `x0.0001` முள் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு லிட்டர். முள் 6-இல் இருந்தால் கடைசிச் சக்கரம் ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் பத்தில் ஆறு பங்கு தூரம் போயிருக்க வேண்டும். படத்திலும் 9-ஐவிட 0 சற்றே கூடுதலாகத் தெரிகிறது என்றால், இரண்டும் பொருந்துகின்றன. ரீடிங் 427.999-தான், சந்தேகமில்லை. நான்காவது இலக்கமும் வேண்டும் என்றால் 427.9996 m³ என்று எழுதலாம்.

முள் உண்மையில் உதவுவது, சக்கரம் ஏறக்குறைய வந்து சேர்ந்துவிட்ட நேரத்தில்தான். 7 கோட்டில் உட்கார்ந்துவிட்டதா, மயிரிழை பாக்கியா என்று கண்ணால் சொல்ல முடியாத படங்கள் வரும். அப்போது முள்ளைப் பாருங்கள். முள் 8, 9 பக்கம் இருந்தால் சுற்று இன்னும் முடியவில்லை. 6 என்று எழுதுங்கள். முள் 0-ஐத் தாண்டி 0-க்கும் 1-க்கும் நடுவிலோ 1-ஐத் தாண்டியோ இருந்தால் சுற்று முடிந்துவிட்டது. சக்கரம் கொஞ்சம் பின்தங்கியதுபோலத் தெரிந்தாலும் 7-தான். சக்கரத்தில் தளர்வு இருக்கும், முள்ளில் அதைவிடக் குறைவு. ஆகவே இரண்டும் முரண்பட்டால் நான் முள்ளையே நம்புவேன்.

நான்கு முள் உள்ள மீட்டர்களில் சக்கரங்கள் முழுக் கன மீட்டரை மட்டும் காட்டும்; பின்னம் முழுக்க முள்களில் இருக்கும். சக்கரங்களில் 0, 0, 1, 6, 3|4 என்றும், `x0.1` முள் 4-க்கும் 5-க்கும் நடுவில், `x0.01` முள் 7-ஐத் தாண்டி, `x0.001` முள் 2-க்கும் 3-க்கும் நடுவில், `x0.0001` முள் 6-இல் என்றும் இருந்தால் விடை 163.4726 m³. முள்ளுக்கும் அதே விதிதான்: தாண்டி வந்த எண்ணை எழுத வேண்டும். ஒரு முள் சரியாக 5-இன் மேல் நிற்பதுபோலத் தெரிந்தால், அதற்கடுத்த சின்ன அளவு முள்ளைப் பாருங்கள். அது 9 பக்கம் இருந்தால் முதல் முள் இன்னும் 4-தான். 0-ஐத் தாண்டியிருந்தால் 5.

மின்சார மீட்டரில் இப்படி உதவிக்கு முள் இருக்காது. ஆனால் சிலவற்றில் கடைசிச் சக்கரத்தின் ஓரத்தில் எண்களுக்கு நடுவே சிறு கோடுகள் இருக்கும். அவற்றை வைத்து எவ்வளவு தூரம் திரும்பியிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

## எழுதும் முறை

நான் பரிந்துரைப்பது, ரீடிங்கை இரண்டு வடிவத்தில் எழுதுவது. முதலில் சக்கரங்களில் தெரிந்தது தெரிந்தபடி, முன்னால் இருக்கும் பூச்சியங்களோடு. பிறகு புள்ளியும் அலகும் சேர்ந்த அளவு. முதல் வடிவத்தில் இலக்கங்களின் எண்ணிக்கை கட்டங்களின் எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும். எட்டுக் கட்டத்துக்கு ஏழு இலக்கம் எழுதியிருந்தால், நடுவில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். பூச்சியங்களை விட்டுவிட்டால் இந்தச் சோதனை போய்விடும்.

```
இலக்கங்கள்: 00427999
அளவு: 427.999 m³
குறிப்பு: கடைசி நான்கு சக்கரங்களும் மாறும் நிலையில்; x0.0001 முள் 6
```

மீட்டரில் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி அச்சிட்டிருந்தாலும் எழுதும்போது புள்ளியையே வையுங்கள். ஆயிரம், லட்சம் பிரிக்க நடுவில் காற்புள்ளி போடாதீர்கள். 8,129 என்பதை யாராவது எட்டு கிலோவாட் மணிச் சொச்சம் என்று எடுத்துக்கொள்ள இடம் உண்டு.

அலகை மீட்டர் முகப்பில் உள்ளபடியே எழுதுங்கள். `m³` என்று இருப்பதை நீங்களாக லிட்டருக்கு மாற்ற வேண்டாம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் தனியாக இன்னொரு வரியில் எழுதுங்கள். பேச்சில் யூனிட் என்று சொன்னாலும் எழுத்தில் `kWh` என்றே இருக்கட்டும். தண்ணீருக்கும் சிலர் யூனிட் என்றே சொல்வதால், அந்தச் சொல் மட்டும் இருந்தால் பிறகு குழப்பம் வரும்.

டிஜிட்டல் திரையுள்ள மின்சார மீட்டரில் அலகு இன்னும் முக்கியம். திரை சில நொடிக்கு ஒருமுறை மாறி மாறி `kWh`, `kVAh`, `kW`, `V`, `A` என்று வெவ்வேறு அளவைக் காட்டும். படம் எடுத்த நொடியில் திரையின் ஓரத்தில் என்ன அலகு எரிந்துகொண்டிருந்ததோ அதுதான் அந்த எண்ணின் அலகு. `kWh` இல்லாத படத்திலிருந்து செலவான மின்சாரத்தின் ரீடிங்கை எழுத முடியாது, எண் எவ்வளவு பொருத்தமாகத் தோன்றினாலும்.

பெரிய மீட்டர்களில் கடைசிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தட்டிலேயே ஒரு 0 அச்சிட்டிருக்கலாம், அல்லது எண்களுக்குப் பக்கத்தில் `x10` என்று இருக்கலாம். அந்த 0 சுற்றாது, ஆனால் அளவில் சேரும். இலக்கங்கள் வரியில் சுற்றும் சக்கரங்களை மட்டும் எழுதிவிட்டு, அளவு வரியில் பெருக்கிய எண்ணை எழுதி, பெருக்கியதைக் குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

## படிக்கவே முடியாத இலக்கம்

கண்ணாடிக்குள் நீராவி படிந்திருக்கும், ஃபிளாஷ் வெளிச்சம் ஒரு கட்டத்தின் மேல் வெள்ளையாக விழுந்திருக்கும், பாசி மூடியிருக்கும். அந்த இலக்கத்துக்கு ஒரு கேள்விக்குறி போடுங்கள்: 004?7863. ஊகித்து எழுதிய எண், பிறகு பார்ப்பவருக்குப் படித்து எழுதிய எண்ணைப் போலவே தெரியும். அதுதான் அதில் உள்ள ஆபத்து. இரண்டில் ஒன்று என்பது உறுதியானால் குறிப்பில் சொல்லலாம், நான்காம் இலக்கம் 2 அல்லது 3 என்று.

கேள்விக்குறி எந்த இடத்தில் விழுகிறது என்பதும் முக்கியம். கடைசிச் சிவப்பு எண்ணில் விழுந்தால் அதிகபட்சம் ஒன்பது லிட்டர் சந்தேகம். அந்தப் படத்தை அப்படியே ஏற்கலாம். கருப்பு எண்ணில் விழுந்தால் முந்தைய ரீடிங் உதவக்கூடும். 004?7.863 என்பதில் கேள்விக்குறிக்கு 1 போட்டால் 417.863, 2 போட்டால் 427.863, 3 போட்டால் 437.863. முந்தையது 411.204 என்றால், வழக்கமான செலவு என்ன என்பது தெரிந்தவருக்கு எது பொருந்தும் என்று சொல்ல முடியும். ஆனால் அப்படிக் கிடைத்த இலக்கம் படத்திலிருந்து வந்ததல்ல என்பதைக் குறிப்பில் எழுதியே ஆக வேண்டும்.

கடைசிச் சக்கரம் 3 என்று நேராக நிற்க, நடுவில் ஒரு சக்கரம் மட்டும் சரியாகப் பாதியில் நின்றால் என்ன செய்வது? லேசான சாய்வு தளர்வு, பாதி என்பது தளர்வு அல்ல. பல் தேய்ந்து வழுக்கியிருக்கலாம், சக்கரம் சிக்கியிருக்கலாம். இங்கே சிறியதை எழுது என்ற விதி செல்லாது, அது கடைசிச் சக்கரத்துக்கு உரியது. இரண்டு எண்களையும் குறிப்பில் எழுதி, மீட்டரை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

மறுபடி படம் எடுக்க வாய்ப்பிருந்தால், கேமராவை முகப்புக்கு நேர் எதிரே பிடிக்கச் சொல்லுங்கள். ஃபிளாஷை அணைத்து, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தால் கண்ணாடியில் வெளிச்சம் திருப்பி அடிக்காது. எண்கள், முள்கள், அலகு, வரிசை எண் நான்கும் ஒரே படத்துக்குள் வரட்டும். 9|0 நிலையில் சிக்கிய படமாக இருந்தால் வேறு எதுவும் வேண்டாம்: ஒரு குழாயைத் திறந்து இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துவிட்டு இன்னொரு படம் எடுத்தால் போதும். சக்கரங்கள் 00428002 என்பதுபோல வந்து நிற்கும், கடைசியைத் தவிர மற்றவை நேராக இருக்கும், முந்தைய படம் 427.999-தான் என்பதும் அதிலேயே உறுதியாகிவிடும்.